ஆர்.டி.யைப் பாதியில் மூடினால் எவ்வளவு போகும், எவ்வளவு நிற்கும்? கேள்வி பதில்

மாசம் 5,000 ரூபாய், மூணு வருஷ ஆர்.டி., 7 சதவீத வட்டி. 18 மாசம் கட்டியாச்சு. இப்ப மூடினா அபராதம் 1 சதவீதம்னு சொன்னாங்க. அப்ப 6 சதவீதம் கிடைக்கும்தானே?

கிடைக்காது. அந்த 1 சதவீதத்தை 7-லிருந்து கழிக்க மாட்டார்கள். அதற்கு முன்பே இன்னொரு வெட்டு விழுந்துவிடும்.

முன்கூட்டியே எடுக்கும் வைப்புக்கு, ஒப்பந்த வட்டியைத் தராமல், பணம் உண்மையில் வங்கியில் இருந்த காலத்துக்கு உரிய வட்டியைத்தான் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நீங்கள் மூன்று வருடத்துக்குக் கட்டுவதாகச் சொல்லித்தான் 7 சதவீதம் வாங்கினீர்கள். 18 மாதத்தில் எழுந்து போனால், வங்கி உங்களை முதல் நாளிலிருந்தே 18 மாத வாடிக்கையாளராகக் கணக்குப் பண்ணிவிடும். கணக்கு தொடங்கிய நாளில் வங்கியின் வட்டி அட்டவணையில் "1 வருடம் முதல் 2 வருடத்துக்குள்" என்ற வரிக்கு நேரே என்ன இருந்ததோ, அதுதான் இப்போது உங்கள் அடிப்படை வட்டி. அது 6.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அபராதம் 1 சதவீதம் இந்த 6.5-லிருந்துதான் கழியும். மிச்சம் 5.5.

இரண்டு வெட்டையும் ரூபாயில் பார்த்தால் இப்படி வரும். நீங்கள் கட்டியது 90,000. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டு வட்டி என்ற வழக்கமான முறையில், இதே 18 மாதத்துக்கு 7 சதவீதம் போட்டிருந்தால் வட்டி 5,126 ரூபாய். 6.5-க்கு இறக்கியதும் அது 4,750 ஆகிறது. அபராதமும் போனபின் 4,004. ஆக, கைக்கு வருவது 94,004 ரூபாய். மொத்த இழப்பு 1,122. அதில் 376 ரூபாய் முதல் வெட்டு, 746 ரூபாய் இரண்டாம் வெட்டு.

மூடியதும் கொடுக்கும் சீட்டில் பெரும்பாலும் "5.50" என்று ஒரே எண்தான் இருக்கும். அபராதம் என்று தனி வரி இருக்காது. 7 எப்படி 5.5 ஆயிற்று, ஒன்றரை சதவீதம் பிடித்துவிட்டார்களே என்று பலர் சண்டைக்குப் போவது இந்த இடத்தில்தான். கேட்க வேண்டியது வேறு: "கணக்கு தொடங்கிய தேதியில் 18 மாதத்துக்கு என்ன வட்டி இருந்தது, அதிலிருந்து எவ்வளவு கழித்தீர்கள்?" இந்த ஒரு கேள்விக்குப் பதில் வந்தால் கணக்கு சரியா தப்பா என்று நீங்களே பார்த்துவிடலாம்.

தொடங்கின நாள் வட்டியா, மூடுற நாள் வட்டியா? இப்ப வட்டி ஏறியிருக்கே.

தொடங்கிய நாள் வட்டிதான். இடையில் அட்டவணை ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் கணக்குக்கு அது பொருந்தாது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சில சமயம் வங்கிகள் நீண்ட காலத்தைவிடக் குறுகிய காலத்துக்கு அதிக வட்டி வைத்திருக்கும். மூன்று வருடத்துக்கு 6.75, ஒன்றரை வருடத்துக்கு 7 என்று இருக்கும்போது கணக்கு தொடங்கியிருந்தால், பாதியில் மூடினால் 7 கிடைக்குமே என்று தோன்றும். பல வங்கிகளின் விதியில் "ஒப்பந்த வட்டி அல்லது இருந்த காலத்துக்கான வட்டி, இரண்டில் எது குறைவோ அது" என்று இருக்கிறது. அதனால் 6.75-லிருந்துதான் அபராதம் கழியும்.

அபராதம் எல்லா வங்கியிலும் 1 சதவீதம்தானா?

இல்லை. அந்த அளவை அந்தந்த வங்கியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் வைப்பை வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். அரை சதவீதம், 1 சதவீதம் இரண்டும்தான் அதிகம் காணப்படுவது. 5 லட்சம் வரை அரை, அதற்கு மேல் 1 என்று தொகையை வைத்துப் பிரிக்கும் வங்கிகளும் உண்டு. மேலே சொன்ன கணக்கில் அபராதம் அரை சதவீதமாக இருந்தால் 6.5 போய் 6 ஆகும்.

தொடங்கிய மிகச் சில வாரங்களிலோ மாதங்களிலோ மூடினால் சில வங்கிகள் வட்டியே தருவதில்லை, சில சேமிப்புக் கணக்கு வட்டி மட்டும் தரும். அந்தக் குறைந்தபட்சக் காலம் எவ்வளவு என்பதைக் கணக்கு தொடங்கும் படிவத்தின் பின்பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்குதாரர் இறந்துபோய் வாரிசுகள் மூடும்போது பெரும்பாலான வங்கிகள் அபராதம் பிடிப்பதில்லை. வீட்டில் அப்படி ஒரு சூழ்நிலை என்றால் கவுண்டரில் அதை எடுத்துச் சொல்லுங்கள், தானாகவே செய்திருப்பார்கள் என்று விட்டுவிட வேண்டாம்.

90,000 கட்டி 4,004 ரூபாய்தான் வட்டி. அதாவது 4.4 சதவீதம், அதுவும் ஒன்றரை வருஷத்துக்கு. வருஷத்துக்கு 3 சதவீதம்கூட வரலையே!

இந்தக் கணக்கைத்தான் எல்லோரும் போடுகிறார்கள், இதனால்தான் ஆர்.டி. என்றாலே ஏமாற்று என்று பேச்சு வருகிறது. கணக்கு தவறு. 90,000 ரூபாய் ஒன்றரை வருடமும் வங்கியில் இருக்கவே இல்லை.

முதல் மாதம் கட்டிய 5,000 மட்டும்தான் 18 மாதம் இருந்தது. இரண்டாவது தவணை 17 மாதம். பத்தாவது தவணை 9 மாதம். கடைசியாகக் கட்டியது ஒரே ஒரு மாதம். எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஒவ்வொரு 5,000 ரூபாயும் ஒன்பதரை மாதம்தான் வேலை செய்திருக்கிறது. ஒன்பதரை மாதத்தில் 90,000 சம்பாதித்த வட்டி 4,004 என்று பார்க்க வேண்டும்.

கையாலேயே போட ஒரு வழி இருக்கிறது. கட்டிய மாதங்களின் எண்ணிக்கையை, அதைவிட ஒன்று கூடிய எண்ணால் பெருக்கி 24-ஆல் வகுங்கள். 18 × 19 = 342; 24-ஆல் வகுத்தால் 14.25. இதை மாதத் தவணையால் பெருக்கினால் 71,250. அதாவது உங்கள் ஆர்.டி. மொத்தமும் சேர்ந்து, 71,250 ரூபாயை ஒரு வருடம் முழுக்க வங்கியில் வைத்திருந்ததற்குச் சமம். வட்டி 4,004-ஐ 71,250-ஆல் வகுத்தால் 5.6 சதவீதம். அதுதான் உங்களுக்கு உண்மையில் கிடைத்த ஆண்டு வருமானம்.

மூடாமல் விட்டிருந்தால் என்ன என்று ஒப்பிட வேண்டுமானால்: 7 சதவீதத்தை மூன்று மாதக் கூட்டு வட்டியாக எடுத்தால் ஆண்டுக்கு 7.19 சதவீதம். 5.5 அதே முறையில் 5.61. ஆண்டுக்கு ஒன்றரைச் சதவீதத்துக்குக் கொஞ்சம் அதிகமாகக் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதிர்வு வரை கட்டியவர்களும் இதே தவறைச் செய்கிறார்கள். 36 மாதம் கட்டினால் 1,80,000-க்கு 20,686 ரூபாய் வட்டி வரும். மூன்றால் வகுத்து "வருடத்துக்கு 3.8 சதவீதம்தான், 7 என்று பொய் சொன்னார்கள்" என்று வருந்துவார்கள். வங்கி பொய் சொல்லவில்லை. சராசரியாகப் பணம் அங்கே இருந்தது பதினெட்டரை மாதம்தான்.

கைக்கணக்கு துல்லியமா? எக்செல்ல எப்படிப் போடறது?

இரண்டு வருடம் வரை கைக்கணக்கு போதும். அதற்கு மேல் போனால் கூட்டு வட்டி சேர்ந்துகொண்டே போவதால் கைக்கணக்கு கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். மூன்று வருட முழு ஆர்.டி.க்கு அது 7.45 என்று சொல்லும். சரியான விடை 7.19. துல்லியம் வேண்டுமானால் விரிதாளில் ஒரு கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=(1+RATE(18,-5000,0,94004,1))^12-1
```

18 என்பது கட்டிய தவணைகள், 5000 மாதத் தொகை, 94004 கைக்கு வந்தது. கடைசியில் இருக்கும் 1 முக்கியம். தவணையை மாத ஆரம்பத்தில் கட்டுகிறீர்கள் என்று அது சொல்கிறது. அதை விட்டுவிட்டால் கடைசித் தவணை கட்டிய அன்றே பணத்தை எடுத்ததாகக் கணக்கு போய், வருமானம் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். கட்டத்தைச் சதவீதமாக மாற்றினால் 5.61 என்று வரும்.

தவணைகளை வெவ்வேறு தேதியில் கட்டியிருந்தால், நடுவில் இரண்டு மாதம் விட்டுப்போயிருந்தால் இந்தச் சூத்திரம் பொருந்தாது. ஒரு பத்தியில் தேதிகள், பக்கத்தில் கட்டிய தொகைகளைக் கழித்தல் குறியோடு, கடைசி வரியில் கைக்கு வந்ததைக் கூட்டலாக எழுதி `XIRR` போட வேண்டும். பாஸ்புக்கில் இருக்கும் தேதியையே எழுதுங்கள்.

வரி போக எவ்வளவு நிற்கும்?

ஆர்.டி. வட்டி உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து உங்கள் வரி விகிதத்திலேயே வரி போடப்படும். வரியே வராத அளவு வருமானம் உள்ளவருக்கு 5.61 அப்படியே நிற்கும். 30 சதவீத வரி கட்டுபவருக்கு மேல்வரி 4 சதவீதமும் சேர்த்து 31.2 போகும். 4,004-ல் மிஞ்சுவது 2,755 ரூபாய். 71,250-ஆல் வகுத்தால் 3.9 சதவீதம்கூட முழுதாக இல்லை. விலைவாசி ஏற்றத்துக்கு ரிசர்வ் வங்கிக்கு அரசு வைத்திருக்கும் இலக்கே 4 சதவீதம். அந்த அளவுக்கு விலை ஏறினாலே, எடுத்த பணம் போட்ட பணத்தின் மதிப்பைக்கூட எட்டவில்லை என்று அர்த்தம். பாதியில் மூடுவதன் உண்மையான அடி அதிக வரி கட்டுபவர்களுக்குத்தான்.

டி.டி.எஸ்., அதாவது வட்டியிலிருந்து வங்கியே முன்கூட்டிப் பிடிக்கும் வரி பற்றி: 2015 ஜூன் முதல் ஆர்.டி. வட்டிக்கும் அது உண்டு. 2025 ஏப்ரலிலிருந்து, ஒரே வங்கியில் உள்ள எல்லா வைப்புகளின் வட்டியும் சேர்ந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் 10 சதவீதம் பிடிப்பார்கள். மூத்த குடிமக்களுக்கு அந்த வரம்பு 1 லட்சம். பிடிக்கவில்லை என்பதால் வரி இல்லை என்று ஆகாது.

பெரிய தொகை ஆர்.டி. வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மார்ச் முடிவில் வங்கி 7 சதவீதக் கணக்கில் வட்டி சேர்த்து வரித்துறைக்குக் காட்டியிருக்கும். அடுத்த ஆண்டு நீங்கள் மூடும்போது மொத்த வட்டியும் 5.5-க்கு இறங்குகிறது. அதாவது, கைக்கு வராத வட்டிக்கும் போன ஆண்டு வரி கட்டியிருக்கலாம். மூடும் ஆண்டில் வங்கி தரும் வட்டிச் சான்றிதழில் அந்த வித்தியாசம் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டுத் திருத்தி வாங்குங்கள்.

போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யும் இதே மாதிரிதானா?

இல்லவே இல்லை. வங்கியில் பாதியில் மூடுவது கிள்ளு என்றால் அஞ்சலகத்தில் அது அறை. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய இழப்பு நடப்பது இங்கேதான்.

அஞ்சலக ஆர்.டி. ஐந்து வருடம். 2023 அக்டோபர் முதல் தொடங்கியவற்றுக்கு வட்டி 6.7 சதவீதம், மூன்று மாதக் கூட்டு வட்டி. மூன்று வருடம் முடியும்வரை மூடவே முடியாது. அதற்குப் பிறகு மூடலாம், ஆனால் அப்போது கிடைப்பது அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு வட்டி, அதாவது 4 சதவீதம். இருந்த காலத்துக்குத் தகுந்த வட்டி, அதில் ஒரு சதவீதம் கழிவு என்கிற படியெல்லாம் இங்கே கிடையாது. நாலேமுக்கால் வருடம் கட்டிவிட்டு மூடினாலும் 4 சதவீதம்தான். முதிர்வுக்கு ஒரு நாள் முன்பு மூடினாலும் அதேதான்.

மாதம் 5,000 கட்டுபவர் நான்காம் வருட முடிவில் மூடுகிறார் என்று வையுங்கள். கட்டியது 2,40,000. அதுவரை 6.7-ல் பார்த்தால் வட்டி 35,679 ரூபாய் ஏறியிருக்க வேண்டும். 4 சதவீதத்துக்கு இறங்கியதும், தனிவட்டியாகப் போட்டால், 19,600. ஒரே கையெழுத்தில் 16,000 ரூபாய் போய்விட்டது. 2.7 சதவீத வித்தியாசம் என்று கேட்டால் சின்னதாகத் தெரியும். வட்டியில் ஏறக்குறைய பாதி.

இதையே திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் முடிவெடுக்க உதவும். இன்று மூடினால் கையில் 2,59,600. மூடாமல், மீதி 12 தவணையும் கட்டி முடித்தால் முதிர்வில் 3,56,829. புதிதாகக் கட்டிய 60,000-ஐக் கழித்துப் பார்த்தால், அந்த ஒரே வருடத்தில் கூடுவது 37,229 ரூபாய். மேலே சொன்ன முறையில் ஆண்டு வருமானமாக்கினால் 12.7 சதவீதம். நாலரை வருடத்தில் நிற்பவர் கடைசி ஆறு மாதத்தைத் தாண்டினால் அந்த ஆறு மாதத்துக்கு ஆண்டு விகிதத்தில் 20 சதவீதத்துக்கு மேல் வருகிறது. பாதுகாப்பான வைப்பு எதிலும் கிடைக்காத வருமானம் இது. அதனால் அஞ்சலக ஆர்.டி.யில் மூன்று வருடத்தைத் தாண்டியவர், முதிர்வை நெருங்க நெருங்க, வேறு எந்த வழியிலாவது பணம் புரட்டிக்கொண்டு இதைத் தொடாமல் இருப்பதுதான் லாபம்.

தவணைகளை முன்பணமாகக் கட்டியிருந்தால் இன்னொரு தடையும் உண்டு. எந்த மாதம் வரைக்கும் முன்பணம் கட்டினீர்களோ அந்த மாதம் முடியும்வரை மூட முடியாது.

சரி, அவசரத்துக்குப் பணம் வேணுமே. அது மேலயே கடன் வாங்கலாமா?

பெரும்பாலான சமயம் அதுதான் சரியான வழி, ஆனால் எப்போதும் அல்ல. கணக்கைப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அஞ்சலகத்தில் 12 தவணை கட்டி ஒரு வருடம் ஆகியிருந்தால், கணக்கில் இருப்பதில் பாதி வரை கடன் தருவார்கள். வட்டி, ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம் கூடுதல், ஆகவே 8.7. நான்கு வருடம் கட்டியவருக்கு 1 லட்சம் தேவை என்றால், முதிர்வு வரை முழு வருடமும் திருப்பாமல் வைத்திருந்தாலும் கடன் வட்டி 8,700 ரூபாய்தான். மூடினால் இழப்பு 16,000. யோசிக்கவே வேண்டியதில்லை.

வங்கி ஆர்.டி.யில் யோசிக்க வேண்டும். நம் 18 மாத உதாரணத்தில் மூடினால் இழப்பு 1,122 ரூபாய் என்று பார்த்தோம். கடன் வட்டி 9 சதவீதம், ஆர்.டி. 7 சதவீதம் என்று வைத்தால், கடனின் உண்மையான செலவு நடுவில் இருக்கும் 2 சதவீதம்தான். மீதி 7-ஐ உங்கள் ஆர்.டி.யே அந்தப் பணத்தின் பேரில் சம்பாதித்துக்கொண்டிருக்கிறது. 40,000 ரூபாய் ஆறு மாதத்துக்குத் தேவை என்றால் 40,000-க்கு 2 சதவீதம், அதில் பாதி, 400 ரூபாய். 1,122-ஐவிடக் குறைவு, கடன் வாங்குங்கள். அதே ஆளுக்கு 85,000 ரூபாய் தேவை, முதிர்வு வரை 18 மாதமும் திருப்ப முடியாது என்றால் செலவு 2,550. அப்போது மூடிவிடுவதே மலிவு. கடனை வைத்துக்கொண்டு மாதாமாதம் தவணையும் கட்டித் தவிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

கடன் கேட்கும்போது செயலாக்கக் கட்டணம் ஏதாவது உண்டா என்று கேட்டுவிடுங்கள். மூடாததால் மிச்சமாகும் 722 ரூபாயைவிடக் கட்டணம் அதிகம் என்றால் பயனில்லை. இன்னொன்று, இந்தக் கணக்கு ஆர்.டி. மேல் வாங்கும் கடனுக்குத்தான். கிரெடிட் கார்டிலோ தனிநபர் கடனிலோ பணத்தை எடுத்துக்கொண்டு வங்கி ஆர்.டி.யைக் காப்பாற்றுவது நஷ்டம்.

இப்ப வேற இடத்துல 7.25 தர்றாங்க. மூடிட்டு அங்க மாத்திப் போடலாமா?

வேண்டாம். மூடும்போது விட்ட 1,122 ரூபாயை மீதியிருக்கும் 18 மாதத்தில் மீட்க வேண்டும். நம் உதாரணத்தில் அதற்குப் புது இடத்து வட்டி ஏறக்குறைய 7.54 சதவீதமாவது இருந்தால்தான் சமம். 7.25 என்பது அந்த அளவைத் தொடவில்லை. பழைய ஆர்.டி.யை அப்படியே விட்டுவிட்டு, புதிதாக மிச்சம் பிடிக்கும் பணத்தை மட்டும் 7.25-ல் போடுங்கள்.

கணக்கு தொடங்கி இரண்டு மூன்று மாதம்தான் ஆகிறது என்றால் கதை வேறு. அப்போது உள்ளே இருக்கும் பணமும் குறைவு, இழக்கும் வட்டியும் குறைவு. மீதியிருக்கும் காலமோ நீளம். சிறிய வித்தியாசம்கூட மாற்றுவதற்குப் போதும்.

11 மாசம் 20 நாள் ஆச்சு. இன்னைக்கே மூடலாமா, பத்து நாள் பொறுக்கலாமா?

முடிந்தால் பொறுங்கள். வட்டி அட்டவணை படிப்படியாக இருக்கும். ஒரு வருடத்துக்குக் கீழே ஒரு விகிதம், ஒரு வருடம் முடிந்தால் அடுத்தது. ஒரு நாள் குறைந்தாலும் கீழ்ப் படிதான். அரை சதவீத வித்தியாசம் என்றால், மாதம் 5,000 கட்டுபவருக்கு 160 ரூபாய் அளவில் வரும். இதற்காக மருத்துவச் செலவையோ பள்ளிக் கட்டணத்தையோ தள்ளிப்போட வேண்டியதில்லை. மாதம் 50,000 கட்டுபவருக்கு அது 1,600 ரூபாய், அவர் பொறுப்பதில் அர்த்தம் உண்டு.

பாதிப் பணத்தை மட்டும் எடுக்க முடியாதா?

ஆர்.டி.யில் பொதுவாக முடியாது. முழுவதையும் மூட வேண்டும், அல்லது கடன். அதனால் அடுத்த முறை மாதம் 5,000-ஐ ஒரே கணக்காகத் தொடங்காமல் 2,000 ஒன்று, 3,000 ஒன்று என்று பிரித்துத் தொடங்குங்கள். வட்டி விகிதம் இரண்டுக்கும் ஒன்றுதான். சின்னத் தேவை வந்தால் சின்னதை மட்டும் உடைக்கலாம், பெரியது முதிர்வு வரை ஓடும். அஞ்சலகத்தில் 100 ரூபாயிலிருந்தே எத்தனை கணக்கு வேண்டுமானாலும் தொடங்க அனுமதி உண்டு. அங்கே அபராதம் கடுமை என்பதால் பிரித்துவைப்பதன் பயனும் அங்கேதான் அதிகம்.